வேலையை மறுக்க ஒரு கடிதம்: நெல்லை வாசகர் கேள்விகள்

சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து கணக்காளர் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், இப்போது ஊரைவிட்டு நகர முடியாது. பிறகு அங்கேயே சேர ஆசை. எப்படி எழுதுவது?
*வாசகி, பாளையங்கோட்டை*

முதலில் போன், அப்புறம் மெயில். பதில் சொல்ல லெட்டரில் கடைசித் தேதி போட்டிருப்பார்கள். அதுவரை இழுக்காதீர்கள். உங்கள் முடிவு தெரிந்த பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிட முடியும் என்று அவர்கள் காத்திருப்பார்கள். புது மெயில் வேண்டாம். ஆஃபர் வந்த மெயிலுக்கே பதில் போட்டால், எந்த வேலை, யார் என்று தேட வேண்டியிருக்காது.

"கணக்காளர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. காலையில் போனில் சொன்னபடி, இப்பணியை இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஜூன் வரை திருநெல்வேலியில் இருக்க வேண்டியிருக்கிறது. நேர்காணலில் நீங்கள் விளக்கிய ஜிஎஸ்டி கணக்கு வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஜூலையிலிருந்து அந்தப் பிரிவில் இடம் வந்தால் மறுபடி விண்ணப்பிக்க விரும்புகிறேன்."

இவ்வளவு போதும். கடைசி இரண்டு வரிகள்தான் கதவைத் திறந்து வைக்கின்றன. "வருங்காலத்தில் வாய்ப்பிருந்தால் சொல்லுங்கள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது யார் மனதிலும் நிற்பதில்லை. எந்தப் பிரிவு, எந்த மாதம் என்று எழுதினால் நிற்கும். ஆனால் ஜூலையில் உண்மையிலேயே போக முடியும் என்றால் மட்டும் மாதத்தைக் குறிப்பிடுங்கள். ஜூலை வந்ததும் அதே மெயிலில் இரண்டு வரி எழுதி நீங்களே நினைவுபடுத்துங்கள். அவர்களாகத் தேடி வருவார்கள் என்று இருந்துவிட வேண்டாம்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. அதைக் காரணமாக எழுதலாமா?
*வாசகர், தாழையூத்து*

கூட்டிக் கொடுத்தால் சேர்வீர்களா? அப்படியானால் மறுப்புக் கடிதம் எழுதாதீர்கள், போனில் கேட்டுப் பாருங்கள். சேர மாட்டேன் என்பது உறுதி என்றால், "சம்பளம் என் எதிர்பார்ப்புக்குப் பொருந்தவில்லை" என்ற ஒரு வரி போதும். வேறு கம்பெனி தருகிற தொகையை எழுதினால், அதையே நாங்களும் தருகிறோம் என்று கூப்பிடக்கூடும். அப்போது இரண்டாம் தடவை மறுப்பீர்கள். அந்த மனக்கசப்பு லேசில் போகாது.

சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இனி மறுக்கலாமா?
*வாசகர், வள்ளியூர்*

மறுக்கலாம், ஆனால் இன்றைக்கே. முதலில் லெட்டரில் உள்ள நிபந்தனைகளைப் படியுங்கள். முன்பணம் எதுவும் வாங்கியிருந்தால், திருப்பித் தரும் தேதியையும் மெயிலில் எழுதுங்கள். சேரும் நாளன்று போனை அணைத்துவிட்டு இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. முன்கூட்டிச் சொன்னவரை அடுத்த முறை பரிசீலிப்பார்கள். சொல்லாமல் நின்றுவிட்டவரின் விண்ணப்பத்தை நானே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அத்தான் சிபாரிசில் கிடைத்த வேலை. மறுத்தால் அவருக்குச் சங்கடமா?
*வாசகி, அம்பாசமுத்திரம்*

மெயில் அனுப்பும் முன்னால் அத்தானிடம் பேசிவிடுங்கள். ஆபீசில் அடுத்தவர் சொல்லி அவருக்குத் தெரிய வந்தால்தான் சங்கடம்.