சுயமதிப்பீட்டில் எந்த எண் உங்களுடையது?

கேள்வி: "வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பிரிவு இன்ஜினியராக இருக்கிறேன். மார்ச் முடிந்து அப்ரைசல் படிவம் வந்துவிட்டது. போன வருடம் அடக்கமாக எழுதி 3 வாங்கினேன். பெரிதாக எழுதியவர்களுக்கு 4 கிடைத்தது. பொய்யும் சொல்லாமல், செய்ததையும் விட்டுவிடாமல் எப்படி எழுதுவது?"

இப்படிப்பட்ட படிவங்களை ஒவ்வொரு ஏப்ரலிலும் படித்து மதிப்பெண் பரிந்துரைக்கும் இடத்தில் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

உங்கள் மேலாளர் மட்டும் தனியாக உட்கார்ந்து மதிப்பெண்ணை முடிவு செய்வதில்லை. நடுத்தரமான, பெரிய நிறுவனங்களில் துறைத் தலைவர்கள் எல்லோரும் ஓர் அறையில் கூடி, யாருக்கு 4, யாருக்கு 3 என்று ஒப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே உங்களுக்காக வாதாட உங்கள் மேலாளருக்கு ஓரிரு நிமிடங்கள்தான் இருக்கும். அவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிக் கொடுத்தது. "தர மேம்பாட்டுப் பணிகளில் பங்கேற்றேன்" என்று எழுதியிருந்தால் அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. "ரிஜெக்‌ஷனைப் பாதிக்கும் மேல் குறைத்தேன்" என்று எழுதியிருந்தால் எதிரே இருக்கும் உற்பத்தித் தலைவர், "அது புது மெஷின் வந்ததால் குறைந்தது" என்பார். அதன் பிறகு உங்கள் படிவத்தில் உள்ள உண்மையான வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே, மேலாளர் மகிழ்வாரா என்று பார்த்து எழுதாதீர்கள். அந்த லைனை நன்றாக அறிந்த பக்கத்துத் துறைக்காரர் படித்துவிட்டு "ஆமாம், இது இவர் செய்ததுதான்" என்று ஒப்புக்கொள்வாரா என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் துறைக்குப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். எண்கள் நான் வைத்தவை, ஆனால் நிலைமை நம் ஊர் மெஷின் ஷாப்பில் அடிக்கடி நடப்பதுதான். நான்கு சி.என்.சி. டர்னிங் மெஷின்கள் உள்ள ஒரு லைன். இரவு ஷிஃப்ட் கிடையாது. மாதம் 30,000 ஷாஃப்ட். போன நிதியாண்டில் ரிஜெக்‌ஷன் சராசரி 3.1 சதவீதம். இந்த ஆண்டு மார்ச்சில் 1.5 சதவீதம். இந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்து, வித்தியாசத்தை 12 மாதத்துக்குப் பெருக்கி, ஒரு பீஸின் விற்பனை விலையான 310 ரூபாயாலும் பெருக்கினால் ஏறத்தாழ 18 லட்சம் வரும். "நிறுவனத்துக்கு 18 லட்சம் மிச்சப்படுத்தினேன்" என்று பலர் எழுதுவது இப்படித்தான். ஒவ்வோர் எண்ணும் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் முடிவு உண்மையில்லை.

எங்கே தவறுகிறது என்று பார்க்க, மாதவாரியாகப் பிரிக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 3.0 சதவீதம். போன ஆண்டின் 3.1-க்கு மிக அருகில் இருப்பதால், அதுவரை தானாக எதுவும் குறையவில்லை என்று தெரிகிறது. இது முக்கியம், ஏனென்றால் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த எண்ணை நம் செயலின் பலன் என்று காட்டுவது எளிது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 2.2. ஜனவரி முதல் மார்ச் வரை 1.5. செப்டம்பரிலும் ஜனவரியிலும் என்ன நடந்தது என்பதே இனி கேள்வி.

தரப் பிரிவு இன்ஜினியர் ஜூலையில் ஒரு வேலை செய்தார். ரிஜெக்ட் ஆன பீஸ்களை, எந்த மெஷின், எந்த மணி நேரம் என்று செக் ஷீட்டில் பிரித்து எழுத வைத்தார். வெளிவிட்டம் அளவு தவறிய பீஸ்களில் பெரும்பகுதி காலை ஷிஃப்டின் முதல் மணி நேரத்தில் விழுவது தெரிந்தது. இரவு முழுதும் நின்றிருந்த மெஷினில் ஸ்பிண்டிலும் பால் ஸ்க்ரூவும் குளிர்ந்திருக்கும். ஓடி வெப்பம் நிலைப்படும் வரை வெளிவிட்டத்தின் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும், ஆபரேட்டர் எத்தனை முறை ஆஃப்செட் திருத்தினாலும். அதுவே காரணம் என்று சோதித்து உறுதிசெய்துகொண்டு, காலையில் 15 நிமிடம் பீஸ் இல்லாமல் வார்ம்-அப் புரோகிராம் ஓட்டலாம் என்று அவர் முன்வைத்தார். உற்பத்தி சூப்பர்வைசர் செப்டம்பரில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஜனவரியில் லைனின் மிகப் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். அந்த முடிவு தரப் பிரிவுடையது அன்று.

அப்படியானால் இன்ஜினியர் நேர்மையாக உரிமை கோரக்கூடியது 3.0-லிருந்து 2.2 வரையிலான இறக்கம். அதே நான்கு மெஷின்கள், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. இது மாதம் 240 பீஸ். 25 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு, மெஷினுக்கு இரண்டு மூன்று. காலையில் மெஷின் சூடாகும் முன் கெட்டுப்போகும் பீஸ் அவ்வளவுதான் இருக்கும். லைனில் நின்று பார்த்தவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். ஒரு வேளை மெஷினுக்கு 20 பீஸ் என்று கணக்கு வந்திருந்தால், எழுதும் முன்பே எங்கோ பிழை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். படிவத்தில் ஏற்றும் எந்த எண்ணையும் இப்படி ஒரு நாளுக்கு, ஒரு மெஷினுக்கு என்று இறக்கிப் பாருங்கள்.

பணமாக மாற்றும்போது விற்பனை விலையைத் தொடாதீர்கள். கணக்குப் பிரிவில் கேட்டு, அந்தக் கட்டம் வரை ஆன செலவிலிருந்து ஸ்கிராப் விற்ற பணத்தைக் கழித்த தொகையை வாங்குங்கள். அது 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு மாதத்தில் 960 பீஸ், சுமார் 1.73 லட்சம். இன்னும் ஒன்றைக் கழிக்க வேண்டும். வார்ம்-அப் இலவசமில்லை. நான்கு மெஷினில் 15 நிமிடம் என்றால் நாளுக்கு ஒரு மெஷின் மணி நேரம் உற்பத்தி போகிறது. மணிக்கு 400 ரூபாய் என்றால் நான்கு மாதத்துக்கு 40,000. நிகரமாக ஏறத்தாழ 1.3 லட்சம். இந்தக் கழிவை நீங்களே எழுதிவிட்டால் உற்பத்தித் தலைவர் எழுப்ப ஆட்சேபம் மிச்சமிருக்காது.

18 லட்சத்துக்குப் பக்கத்தில் 1.3 லட்சம் சின்னதாகத் தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். படிக்கிறவருக்கு அப்படித் தெரியாது. பிரச்சினையின் காரணத்தைத் தரவிலிருந்து கண்டுபிடித்தவர், பலனை மற்ற மாற்றங்களிலிருந்து பிரித்து அளக்கத் தெரிந்தவர் என்பதே அந்தப் பத்தியில் மேலே நிற்கும். தரப் பிரிவு இன்ஜினியரிடம் எதிர்பார்க்கும் திறமை அதுதான்.

படிவத்தில் இதை இப்படி எழுதலாம்:

"ஜூலையில் ரிஜெக்‌ஷனை மணி வாரியாகப் பிரித்து ஆராய்ந்து, விட்டத் தவறுகள் காலை முதல் மணி நேரத்தில் குவிவதைக் கண்டறிந்தேன். மெஷின் வெப்பமே காரணம் என்று சோதித்து உறுதிசெய்து, 15 நிமிட வார்ம்-அப்பை முன்வைத்தேன். உற்பத்திப் பிரிவு செப்டம்பரில் நடைமுறைப்படுத்தியது. அதே மெஷின்களில் ரிஜெக்‌ஷன் 3.0-லிருந்து 2.2 சதவீதமாகக் குறைந்தது (ஏப்–ஆக, செப்–டிச). இழந்த மெஷின் நேரத்தைக் கழித்து, டிசம்பர் வரை நிகர மிச்சம் சுமார் 1.3 லட்சம் ரூபாய். ஜனவரிக்குப் பிந்தைய இறக்கத்தில் புதிய மெஷினின் பங்கு உண்டு. அதைச் சேர்க்கவில்லை."

இதில் "நான்" செய்தது எது, மற்றவர் செய்தது எது என்று வினைச்சொற்களிலேயே பிரிந்திருப்பதைக் கவனியுங்கள். கண்டறிந்தது, சோதித்தது, முன்வைத்தது இன்ஜினியர். நடைமுறைப்படுத்தியது இன்னொருவர். உங்களைப் போல அடக்கமாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள். சூப்பர்வைசருக்குப் பங்கு உண்டு என்பதால் மொத்தத்தையும் "குழுவாகச் செய்தோம்" என்று கரைத்துவிடுவார்கள். அது பணிவாகத் தோன்றினாலும் படிப்பவருக்குத் தகவல் தராது, சூப்பர்வைசருக்கும் நியாயம் செய்யாது. ஐயம் வந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த வேலை நடந்த மாதங்களில் நான் நீண்ட விடுப்பில் இருந்திருந்தால் எது நடந்திருக்காது? அதைத் தயங்காமல் ஒருமையில் எழுதுங்கள்.

தரப் பிரிவில் இன்னொரு சிக்கல், பல நல்ல வேலைகளின் பலன் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதே. வாடிக்கையாளர் புகார் வரவில்லை, ஐ.ஏ.டி.எஃப். 16949 தணிக்கையில் குறை வரவில்லை. "தணிக்கை வெற்றிகரமாக முடிந்தது" என்று எழுதினால் அது தொழிற்சாலை முழுவதற்கும் உரியது. உங்கள் பொறுப்பில் இருந்த பகுதியை, எடுத்துக்காட்டாக அளவுக் கருவிகளின் காலிபிரேஷனை எடுத்து, ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை கருவிகள் தேதி கடந்து கிடந்தன, தணிக்கையன்று எத்தனை, அந்தப் பிரிவில் தணிக்கையாளர் என்ன குறித்தார் என்று எழுதுங்கள். அது முழுக்க உங்களுடையது.

ஏப்ரல், மே மாத வேலைகள் நினைவில் இருக்காது. மேலாளருக்கும் இருக்காது. நினைவை நம்பாமல் ரிஜெக்‌ஷன் பதிவேடு, நீங்கள் முடித்த 8டி அறிக்கைகள், அனுப்பிய மின்னஞ்சல்கள் மூன்றையும் மாத வரிசையில் புரட்டுங்கள். அரை நாள் வேலை, ஆனால் அடக்கமானவர்கள் விட்டுவிடுவதில் பாதி அங்கே கிடைக்கும்.

எட்டாத இலக்கையும் எழுதுங்கள், சுருக்கமாக. சப்ளையர் குறைபாடு இலக்கைத் தாண்டியிருந்தால், எந்த சப்ளையர், எந்த பாகம், உங்கள் கையில் இருந்து செய்யாமல் போனது எது, உங்கள் கையில் இல்லாதது எது என்று நான்கு வரி போதும். அதை விட்டுவிட்டால் கூட்டத்தில் வேறொருவர் சொல்வார்.

உங்கள் 3 பற்றி. பல படிவங்களில் 3 என்பதன் விளக்கம் 'இலக்கை முழுமையாக எட்டியவர்' என்றே இருக்கும். உங்கள் படிவத்தின் விளக்க வரியைப் படித்துவிட்டு, ஒவ்வொரு இலக்குக்கும் தனித்தனியாக எண் போடுங்கள். வார்ம்-அப் போன்ற வேலை உங்கள் இலக்குப் பட்டியலிலேயே இல்லாமல் நீங்களாகக் கண்டுபிடித்துச் செய்ததென்றால், அங்கே 4 கேட்பது மிகையில்லை. காலிபிரேஷனை ஒழுங்காக நடத்தியதற்கு 3 சரியானது. எல்லாவற்றுக்கும் 4 போட்ட படிவத்தில், உண்மையான 4 எது என்று கண்டுபிடிக்கும் வேலை மேலாளர் தலையில் விழுகிறது.

சமர்ப்பிக்கும் முன் அந்த ரிஜெக்‌ஷன் பத்தியை மட்டும் உற்பத்தி சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். அவர் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். "என் பெயரையும் போடுங்கள்" என்றால் போடுங்கள். அவருடைய சுயமதிப்பீட்டிலும் இதே எண்தான் வரப்போகிறது. இரண்டு படிவங்களும் ஒரே கணக்கைச் சொன்னால், கூட்டத்தில் உங்கள் இரு மேலாளர்களும் ஒருவரையொருவர் மறுக்க வேண்டியிருக்காது.