டைட்டிலுக்கு முன் ஒரு கேள்வி போதும்

"நண்பர்கள் சேர்ந்து யூடியூபுக்காக 8 பகுதிகள் கொண்ட ஒரு தொடர் எடுத்திருக்கிறோம். பகுதிக்கு 22 நிமிடம். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. மூன்று பங்காளிகளுக்குப் பொதுவான சாமான் அறை. மூன்று பூட்டு, ஆளுக்கொரு சாவி. 20 ஆண்டு கழித்துத் திறந்தால் ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கில் ஒன்றைக் காணோம். முதல் பகுதி டிரோன் காட்சியில் தொடங்கி, பின்னணிக் குரலில் வீட்டின் வரலாற்றைச் சொல்லி, 3-வது நிமிடத்தில் டைட்டிலுக்கு வருகிறது. அறையைத் திறப்பது 9-வது நிமிடத்தில். சோதனையாகப் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலோர் டைட்டில் வருவதற்குள் போய்விடுகிறார்கள். கடைசியில் பங்காளிகள் கைகலக்கும் காட்சியை வெட்டி முன்னால் போடலாமா? எத்தனை நொடி வைப்பது?"
— வாசகர், காரைக்குடி

கைகலப்பை முன்னால் போடாதீர்கள். 9-வது நிமிடத்தில் வைத்திருக்கும் அறைத் திறப்பை முன்னால் கொண்டுவாருங்கள். 70 நொடியிலிருந்து 90 நொடி வரை போதும்.

முதலில் கைகலப்பைப் பற்றி. யாரென்றே தெரியாத இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்ப்பவருக்குச் சண்டை தெரிகிறது. எதற்கென்று தெரியாததால் எந்தப் பக்கமும் மனம் சாயாது. அடுத்து "ஆறு மாதங்களுக்கு முன்" என்று எழுத்துப் போடுவீர்கள். அந்த நொடியிலிருந்து அவர் கதையைப் பார்க்கமாட்டார், சண்டை எப்போது வரும் என்று காத்திருப்பார். பின்னால் நடப்பதை முன்னால் காட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2008-ல் வந்த 'பிரேக்கிங் பேட்' முதல் பகுதி அப்படித்தான் தொடங்குகிறது: பாலைவனத்தில் ஒரு பழைய வேன் தறிகெட்டு ஓடுகிறது, ஓட்டுபவர் உள்ளாடையோடும் முகத்தில் வாயுக்கவசத்தோடும் இருக்கிறார். பிறகுதான் மூன்று வாரம் பின்னால் போகிறார்கள். அங்கே பார்ப்பவரைப் பிடிப்பது ஆபத்து மட்டுமல்ல. இப்படிப்பட்ட ஓர் ஆள் இந்தக் கோலத்துக்கு எப்படி வந்தார் என்ற கேள்வி. அவருடைய சாதாரண வாழ்க்கையைக் காட்டும் ஒவ்வொரு காட்சியும் அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு துண்டாகிவிடுகிறது. பங்காளிகள் சண்டை போடுவதில் அப்படி ஒரு புதிர் இல்லை. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றாலே பங்குத் தகராறைத்தான் எல்லோரும் முதலில் எதிர்பார்ப்பார்கள்.

டைட்டிலுக்கு முன் டீசர் என்று ஒரு காட்சி வைக்கும் வழக்கம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1960-களிலேயே வேரூன்றிவிட்டது. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் கை சேனலை மாற்றப் போகும். அந்தக் கையை நிறுத்த, பெயர்களுக்கும் விளம்பரத்துக்கும் முன்பாகவே கதையைத் தொடங்கினார்கள். நம்முடைய நெடுந்தொடர்களுக்கு நீண்ட காலம் இது தேவைப்படவில்லை. டைட்டில் பாட்டு கேட்டால் அடுப்படியில் இருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வருவார். அவர் வந்து உட்காரும்வரை பாட்டு ஓடியாக வேண்டும். கைபேசியில் பார்ப்பவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறார். அவரைக் கூப்பிட வேண்டியதில்லை, போகவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் அறைக்குள் போவோம். கறுப்புத் திரை. முதலில் ஒலி மட்டும்: துருப்பிடித்த பூட்டில் சாவி இறங்கித் திரும்பும் சத்தம். ஒரு பூட்டு, இரண்டாவது பூட்டு, மூன்றாவது. மூன்று தனித்தனிக் கைகளை நெருக்கத்தில் காட்டுங்கள். ஒரு கையில் மோதிரம், இன்னொன்றில் கைக்கடிகாரம் என்று வேறுபடுத்தினால் போதும். மூன்று பேர், மூன்று சாவி, ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது என்ற விதி ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடும். இதற்கு 20 நொடி. மூன்று பூட்டும் உடையாமல் இருந்தன என்பதும் இங்கேயே மனத்தில் ஏறிவிட வேண்டும். கடைசி நொடி வேலை செய்வது அதை வைத்துத்தான்.

கதவு திறக்கிறது. ஒருவர் சிட்டையைப் பிரித்து வாசிக்கிறார், இன்னொருவர் உள்ளிருந்து பதில் சொல்கிறார். "பித்தளை அண்டா, மூன்று." "இருக்கிறது." "மங்குத் தட்டு, இரண்டு டஜன்." "இருக்கிறது." "வெண்கல உருளி, ஒன்று." "இருக்கிறது." இந்த இடம் அலுப்பாக இருக்கட்டும். பார்ப்பவர் இதைப் பாகப்பிரிவினைக் கதை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். 2004-ல் தொடங்கிய 'ஹவுஸ்' என்ற மருத்துவத் தொடரில் இந்த வித்தையை அடிக்கடி பார்க்கலாம்: முதல் காட்சியில் ஒருவர் இருமுவார், தடுமாறுவார், இவர்தான் நோயாளி என்று நாம் முடிவுகட்டியிருப்போம், பக்கத்தில் நல்லபடியாக நின்றவர் சட்டென்று விழுவார். ஒரு பக்கம் பார்க்க வைத்துவிட்டு மறுபக்கத்தில் கதையைத் திறக்கிறார்கள்.

"வெள்ளிக் குத்துவிளக்கு, ஒரு ஜோடி." பதில் இல்லை. சிட்டை வாசித்தவர் நிமிர்கிறார். பலகையில் ஒரு விளக்கு நிற்கிறது, தூசி மூடிக் கறுத்துப்போய். அதன் பக்கத்தில், அதே அளவில், தூசியே இல்லாத ஒரு வட்டம். இரண்டு நொடி, மிஞ்சினால் மூன்று நொடி. வெட்டு. டைட்டில்.

விளக்கு 20 ஆண்டுக்கு முன்பே போயிருந்தால் அந்த வட்டத்தின்மேலும் தூசி படிந்திருக்கும். ஆகவே எடுத்தது அண்மையில். ஆனால் மூன்று பூட்டும் அப்படியே இருந்தன. இந்த இரண்டையும் பார்ப்பவரே சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்களுக்குக் கை துறுதுறுக்கிறது: யாராவது ஒருவர் "பூட்டு உடையவில்லையே, எப்படிப் போனது?" என்று கேட்கும் வசனத்தை வைப்பார்கள். அதை நீக்கிவிடுங்கள். பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வியைத் திரையில் ஒருவர் கேட்டுவிட்டால் அது அந்தப் பாத்திரத்தின் கேள்வியாகிவிடும். எடிட் செய்யும்போது அடுத்த வசனத்துக்காக வாய் திறக்கும் ஷாட் இருந்தால், திறப்பதற்கு முன்பே வெட்டுங்கள். சாவிக்கொத்து தரையில் விழும் ஒலியை மட்டும் கறுப்புத் திரையில் ஓடவிட்டு டைட்டிலுக்குள் கொண்டுபோகலாம்.

அறையின் தரையையும் காட்டாதீர்கள். தூசித் தரையைக் காட்டினால் காலடித் தடம் எங்கே என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான், இரண்டாவது பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். டைட்டிலுக்கு முன் இரண்டு கேள்வி விழுந்தால் ஒன்று மற்றொன்றைக் கலைத்துவிடும்.

வட்டம் கேமராவில் தெரிவது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். மேலிருந்து விளக்கடித்தால் தூசியும் பலகையும் ஒன்றாகிவிடும். ஒளி பலகையின் மட்டத்துக்குச் சற்றே மேலிருந்து, பக்கவாட்டில் சாய்ந்து வர வேண்டும். வளவு முற்றத்திலிருந்து கதவு வழியாக விழும் வெயில் என்று அதற்குக் காரணமும் கிடைத்துவிடும். விளக்கைப் பலகையில் வைத்துவிட்டு, முல்தானி மட்டியைத் துணியில் கட்டி மேலிருந்து தட்டிச் சலியுங்கள். பிறகு விளக்கை நேராக மேலே தூக்குங்கள். இழுத்தால் விளிம்பு கலைந்து மறுபடி முதலிலிருந்து சலிக்க வேண்டியிருக்கும். பூட்டின் ஒலியைத் தனியாக, துணிமூட்டைகள் உள்ள சிறிய அறையில் பதிவு செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த உயரமான கூடத்தில் எடுத்தால் எதிரொலியில் சாவியின் கூர்மை போய்விடும்.

டைட்டில் 5 நொடி, அதிகம் போனால் 8. அது முடிந்ததும் வரும் முதல் காட்சியில்தான் பல டீசர்கள் செத்துப்போகின்றன. விளக்கை நினைத்துக்கொண்டிருப்பவரிடம் வேறொரு ஊரில் ஒருவர் காபி குடிப்பதைக் காட்டினால் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். 'ஹவுஸ்' தொடரில் டைட்டில் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே, விழுந்தவரைப் பற்றித்தான் மருத்துவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அதே அறை வாசலுக்குத் திரும்புங்கள். மூவரில் யார் முதலில் பேசுகிறார் என்பதிலிருந்து தொடங்கலாம்.

உங்கள் டிரோன் காட்சியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதற்கு இப்போதுதான் இடம் கிடைக்கிறது. முன்பு அது வெறும் அழகு. விளக்கு காணாமல் போன பிறகு அதே வீட்டைக் காட்டினால், ஆள் எந்த வழியாக வந்திருப்பான் என்று பார்ப்பவர் தேடுவார். திண்ணை, முகப்பு, வளவு, பின்கட்டு என்று வாசல்கள் நேர்கோட்டில் இருக்கும் வீட்டில், முன்வாசலில் நின்றால் கடைசிக் கதவுவரை கண் போகும். அந்த ஷாட் இப்போது ஒரு தடயம். பின்னணிக் குரலில் நீங்கள் சொன்ன வரலாற்றில் பாதியை இந்தத் தேடலின்போதே ஒரு பங்காளி வாயால் சொல்லிவிடலாம். மீதிப் பாதி, என்னைக் கேட்டால், வேண்டாம்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க இரண்டு வழி. வெளியிடுமுன், கதை தெரியாத ஒருவருக்கு டைட்டில்வரை மட்டும் காட்டி நிறுத்திவிடுங்கள். "யார் இவர்களெல்லாம்?" என்று கேட்டால் தகவல் குறைவு. "மூவரில் ஒருவன்தான் எடுத்திருப்பான், சரிதானே?" என்று முடித்துவிட்டால் எங்கோ ஒரு முகபாவம் கூடுதல், பெரும்பாலும் கடைசியில் நடிகர் ஒருவர் பார்வையைத் தாழ்த்தியிருப்பார். "அது எப்படி?" என்றால் விட்டுவிடுங்கள், மேலும் தொட வேண்டாம்.

வெளியிட்ட பிறகு யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எந்த நொடிவரை நிற்கிறார்கள் என்ற வரைகோடு கிடைக்கும். எல்லா வீடியோவிலும் தொடக்கத்தில் கோடு இறங்கத்தான் செய்யும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். 30-வது நொடிக்குள் செங்குத்தாக விழுந்தால் பூட்டுக் காட்சி நீளம். டைட்டில் ஓடும்போது விழுந்தால் டைட்டில் நீளம். டைட்டிலைத் தாண்டிய ஒரு நிமிடத்துக்குள் விழுந்தால் டீசரில் பழுதில்லை, அடுத்த காட்சி அதற்குப் பதில் சொல்லவில்லை. வட்டம் வரும் நொடியில் கோடு மேலே ஏறினால் பின்னால் தள்ளித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். ரசித்தும் பார்த்திருக்கலாம், சரியாகத் தெரியாமலும் பார்த்திருக்கலாம். கருத்துரையில் "என்ன காணோம்?" என்று கேட்டிருந்தால் இரண்டாவது காரணம்தான், ஒளியைச் சரிசெய்து அந்த ஒரு ஷாட்டை மீண்டும் எடுங்கள்.

எட்டுப் பகுதிக்கும் டீசர் வைக்க வேண்டும் என்று விதி இல்லை. முந்தைய பகுதி ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டு முடிந்திருந்தால், அந்தக் கேள்வி ஏற்கெனவே பார்ப்பவர் கையில் இருக்கிறது. அதன்மேல் புதிதாக ஒன்றை ஏற்றாமல் அந்த வாரம் நேரே டைட்டிலில் தொடங்குங்கள்.