வரவேற்பு மேசையில் முதல் வார்த்தை

"தக்கலையில் ஒரு கிளினிக்கின் வரவேற்பில் இருக்கிறேன். பதற்றத்தோடு வருகிறவர்களிடம் முதலில் என்ன சொல்வது?"

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்து, முகத்தைப் பார்த்து, "வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்லுங்கள். பெயரும் கைபேசி எண்ணும் அதன் பிறகு கேட்கலாம். என்ன தொந்தரவு என்பதைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் விசாரியுங்கள்.

குளச்சலிலிருந்து தாயை அழைத்து வந்த மகன், "எப்ப கூப்பிடுவீங்க?" என்று மீண்டும் மீண்டும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இப்ப கூப்பிட்டுடுவாங்க" என்ற பதில் அவருடைய பதற்றத்தைக் கூட்டவே செய்யும். அதற்குப் பதிலாக, "முன்னால 4 பேர் இருக்காங்க, 40 நிமிஷம் ஆகலாம், தாமதமானா நானே வந்து சொல்றேன்" என்று தாயையும் பார்த்துச் சொல்லுங்கள். ஏனெனில் நோயாளி அவர்தான். சொன்னபடி எழுந்து போய்ச் சொல்வதில்தான் நம்பிக்கை பிறக்கிறது.

"எல்லாம் சரியாயிடும்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்த உறுதியைத் தரும் இடத்தில் நாம் இல்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றோடு வருபவரை வரிசையில் உட்கார வைக்காமல், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, உடனே நர்ஸை அழையுங்கள்.