போர்டை மாற்றும் முன் பில் புத்தகத்தைப் பாருங்கள்

"களக்காட்டில் சின்னதாக லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். போர்டில் அம்மன் பெயர், விசிட்டிங் கார்டில் மகள் பெயரோடு ஃபேஷன்ஸ், வாட்ஸ்அப்பில் பொட்டிக் என்று இருக்கிறது. வீட்டுக்காரர் பெரிய எல்இடி போர்டு வைப்போம் என்கிறார், மகள் லோகோ வேண்டும் என்கிறாள். கையில் பணம் கொஞ்சம்தான். எதிலிருந்து தொடங்க?"
– வாசகி, களக்காடு

சகோதரி, எல்இடி போர்டும் வேண்டாம், லோகோவும் இப்போதைக்கு வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் எட்டுக்குப் பத்தடியில் ஒரு தையல் கடை இருக்கிறது. அந்த அக்கா கடையின் தோற்றத்தை மாற்றியபோது நானும் கூட இருந்தேன். அவர்கள் நிலைமையும் உங்களுடையது மாதிரியேதான் இருந்தது. அங்கே நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடையின் பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் கட்டிங் டேபிளில் பரப்பினோம். கார்டு, பில் புத்தகம், பை, போனில் வாட்ஸ்அப் படம், போர்டை எடுத்த போட்டோ. பெயர் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் ரோஸ், ஒன்றில் பச்சை, ஒன்றில் நீலம், எழுத்தின் வடிவமும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருஷம் ஒவ்வொரு அச்சகத்தில் அடித்தது, அங்கே கம்ப்யூட்டரில் என்ன மாதிரி இருந்ததோ அதுவே கடையின் முகமாகிவிட்டது. ஃப்ளெக்ஸ் போர்டில் இரண்டு மாடல் பெண்கள், ஒரு தையல் மிஷின், சாமி படம், இரண்டு போன் நம்பர், பதினொரு வகை வேலை. இத்தனைக்கும் நடுவில் கடையின் பெயரைத் தேட வேண்டியிருந்தது.

அப்புறம் பழைய பில் புத்தகங்களை எடுத்தோம். ஒரு சாதாரண மாதம், ஒரு முகூர்த்த மாதம், இரண்டை மட்டும் எடுத்து, எந்த வேலைக்கு எத்தனை பில் என்று கோடு போட்டோம். முக்கால்வாசி லைனிங் வைத்த பிளவுஸ். சுடிதார் கொஞ்சம், ஸ்கூல் யூனிஃபார்ம் ஜூன் மாதம் மட்டும், போர்டில் பெரிதாகப் போட்டிருந்த ஆரி வேலை கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான், அதுவும் வெளியே கொடுத்து வாங்கியது. சரி, பிளவுஸ் எல்லாரும்தான் தைக்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் வருகிறார்கள்? கடைக்கு வந்த ஒரு அம்மாவிடமே கேட்டோம். "அளவு சட்டை கொண்டு வரணும்னு இல்லலா, நோட்டுல எம் மக அளவு கிடக்கு, அவ சென்னையில இருக்கா, துணியை மட்டும் குடுத்தாப் போதும், அக்கா தச்சுருவாவ" என்றார்.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. அந்த அக்காவிடம் நீளமான அளவு நோட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஊரில் கல்யாணமாகிச் சென்னைக்கும் மும்பைக்கும் போன பெண்கள் அம்மா மூலமாகத் துணி கொடுத்தனுப்பி இங்கேயே தைத்துக்கொள்கிறார்கள். இதைப் போர்டும் சொல்லவில்லை, கார்டும் சொல்லவில்லை. கடைக்கென்று தனி அடையாளம் ஏற்கெனவே இருந்தது, அது நோட்டுக்குள் கிடந்தது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் நிறத்தையும் எழுத்தையும் மாற்றியிருந்தால் பார்க்க நன்றாக இருந்திருக்கும், கடை எதற்கு என்பது அப்போதும் யாருக்கும் புரிந்திருக்காது.

பிறகு பெயர். சனங்கள் வாயில் அந்தக் கடை அக்காவின் பெயரில்தான் இருந்தது, போர்டில் என்ன இருந்தாலும். அதனால் அவர் பெயர், அதோடு 'தையலகம்', அவ்வளவே. அம்மன் பெயரை எடுப்பதா என்று வீட்டில் மனத்தாங்கல் வந்தது, நியாயமான மனத்தாங்கல்தான். நம் பக்கத்து வழக்கம்தான் அதற்கு வழி சொன்னது: போர்டிலும் பில்லிலும் உச்சியில் சின்னதாக 'ஸ்ரீ முப்பிடாதி அம்மன் துணை'. அம்மன் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தாள், கடைப் பெயருக்கும் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ்தான் மேலே, மற்ற மொழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலீஷ் வேண்டுமென்றால் கீழே சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம்.

நிறம் ஒன்றே ஒன்று: பட்டுப்புடவை அரக்கு, பின்னால் வெள்ளை. எப்படிச் சொல்லி வாங்குவது என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். போன் திரையில் பார்த்த அரக்கு அச்சில் வேறு மாதிரி வரும், அச்சகத்துக்கு அச்சகம் மாறும். அந்த அக்கா கடையிலிருந்தே ஒரு அரக்கு நூல்கண்டை எடுத்துக்கொண்டு அச்சகம், பெயின்டர், ஸ்கிரீன் பிரின்ட் போடுகிறவர் என்று எல்லாரிடமும் அதையே காட்டினார், கண்டின் நம்பரையும் குறித்து வைத்துக்கொண்டார். நிறம் தப்பினால் பக்கத்தில் வைத்துப் பார்த்த நொடியில் தெரிந்துவிடும்.

இனி லேபிள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் போர்டு களக்காட்டைத் தாண்டாது, நீங்கள் தைத்த பிளவுஸ் கல்யாண வீடுகளுக்கெல்லாம் போகும். 'இது எங்கே தச்சது' என்று கேட்கும்போது பதில் உள்ளேயே இருக்கட்டும். அக்காவின் லேபிளில் கடைப் பெயர், ஒரு போன் நம்பர், அதன் கீழே ஒரு வெற்றிடம். அந்த இடத்தில் வாடிக்கையாளரின் அளவு நோட்டு எண்ணை, துவைத்தால் போகாத மார்க்கரால் கையால் எழுதுகிறார். சென்னையில் இருக்கிற பெண் பிளவுஸைத் திருப்பிப் பார்த்து அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், இங்கே நோட்டில் பக்கம் திறந்துவிடும். ஆனால் ஒன்று, அளவு எடுத்த தேதியையும் நோட்டில் எழுத வேண்டும். ஒரு வருஷம் தாண்டினாலோ இடையில் குழந்தை பிறந்திருந்தாலோ மார்பு, இடுப்பு, கைச்சுற்று மூன்றையும் திரும்பக் கேட்டு வாங்காமல் துணியில் கத்தரி வைக்கக் கூடாது.

லேபிளில் நடந்த கோளாறையும் சொல்ல வேண்டும். முதலில் நெய்த லேபிளுக்கு மாதிரி வாங்கினார்கள். எழுத்து மிகச் சிறியது, அதிலும் வளைவு வளைவான அலங்கார எழுத்து. 'ழ', 'ணி' மாதிரி எழுத்துகளின் சுழிகளெல்லாம் நூலில் அடைத்துப்போய்ப் புள்ளியாகத் தெரிந்தன. தமிழ் எழுத்தில் சுழிக்குள் வெளிச்சம் இருந்தால்தான் படிக்க முடியும். எழுத்தின் உயரத்தை ஐந்து மில்லிமீட்டருக்கு ஏற்றி, அலங்காரத்தை விட்டுவிட்டு, ஒரே தடிமனான சாதாரண எழுத்தை வைத்ததும் சரியானது. அதே எழுத்து வடிவத்தைத்தான் பிறகு போர்டு வரை எல்லாவற்றுக்கும் எடுத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், லேபிளில் தெளிவாக வரும் எழுத்து போர்டிலும் தெளிவாக இருக்கும், போர்டில் அழகாக இருப்பது லேபிளில் வரும் என்று சொல்ல முடியாது. நெய்த லேபிளை நூற்றுக்கணக்கில் வாங்கினால்தான் தருவார்கள், கையில் காசு இல்லையென்றால் சாட்டின் ரிப்பனில் அச்சடித்தது குறைந்த எண்ணிக்கைக்கும் கிடைக்கும். வாங்கியவுடன் ஒன்றைச் சோப்பில் ஊறவைத்து நாலைந்து தடவை துவைத்துப் பாருங்கள், அச்சு உதிர்கிறதா என்று. ரிப்பனின் வெட்டிய முனையை மடித்துத் தையுங்கள், இல்லையென்றால் உடம்பில் குத்தும்.

எங்கே வைப்பது? சட்டைக்கு வைப்பது போலக் கழுத்தில் வைக்க முடியாது, பின்கழுத்தை இறக்கி நாடா கட்டுகிறார்களே. பக்கத் தையலிலும் வேண்டாம், நாளைக்குப் பிரித்து விடுவதற்கென்று மார்ஜின் வைத்திருப்பது அங்கேதான். முதுகுப்பக்கம், இடுப்பு மடிப்பின் நடுவில், உள்ளே லைனிங்கில் வையுங்கள்.

பைக்கு அவர்கள் காடாத் துணி எடுத்தார்கள். பிளாஸ்டிக் பையும், துணி மாதிரியே தெரியும் நெய்யாத பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. தையல் கடைக்காரர் பைக்கு வெளியே போக வேண்டியதும் இல்லை, வேலை இல்லாத மத்தியானத்தில் தைத்து வைக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலப் பை முப்பத்தாறு அங்குல அகலத் துணியில் மீட்டருக்கு மூன்று வரும், மிச்சத்தில் கைப்பிடி. ஒரே நிறம் என்பதால் ஸ்கிரீன் பிரின்டுக்கு ஒரு ஸ்கிரீன் போதும். இரண்டு நிறம் என்றால் இரண்டு ஸ்கிரீன், இரண்டு வேலை.

போர்டைக் கடைசியில்தான் தொட்டார்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்தோம், நம்ம ஊர் வெயிலில் சிவப்புச் சாயல்தான் முதலில் வெளுக்கும், அரக்கு அரக்காக இருக்காது. தகரத்தில் எனாமல் பெயின்டால் கையெழுத்துப் பெயின்டர் ஒருவர் எழுதினார். 'அம்மன் துணை' வரி, கடைப் பெயர், 'லைனிங் பிளவுஸ் – உங்கள் அளவு எங்கள் நோட்டில்', போன் நம்பர். வேறு ஒன்றும் இல்லை. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது போர்டு எழுதுகிறவர்களின் கணக்கு. எதிர்ச்சாரியில் இருந்து பார்த்தால் நாற்பதடி, நாலு அங்குலம் வேண்டும். அதை எழுத்தின் நடு உடம்புக்குக் கணக்கிடுங்கள், 'ரீ'யின் மேல் சுழியையும் 'கு'வின் கீழ் வளைவையும் சேர்த்து அளந்தால் எழுத்து சின்னதாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் வட்டப் படத்தில் கடைப் பெயர் மட்டும், இரண்டு வரியாக, ஓரம் வெட்டுப்படாமல். இணையத்தில் இருந்து எடுத்த டிசைன் படங்களை ஸ்டேட்டஸில் போடுவதை நிறுத்தினார்கள். அதைப் பார்த்து வந்து 'இதே மாதிரி வேணும்' என்று கேட்டுச் சண்டை வந்ததுதான் மிச்சம். இப்போது தைத்து முடித்ததை மட்டும், காலை வெளிச்சத்தில், வாசல் பக்கத்து வெள்ளைச் சுவரில் மாட்டி எடுக்கிறார்கள்.

மாற்றியதும் சிக்கல் வரத்தான் செய்தது. "ஏக்கா, கடை கை மாறிட்டா?" என்று சிலர் வாசலிலேயே கேட்டார்கள். பில்லில் 'முன்பு' என்று போட்டுப் பழைய பெயரையும் சின்னதாகச் சேர்த்தபிறகுதான் அது அடங்கியது, அந்த வரியை ஒரு வருஷமாவது வைத்திருங்கள். பலன் இருக்கிறதா என்று பார்க்க, புதிதாக வருகிறவரிடம் 'எப்படித் தெரியும்' என்று கேட்டுப் பில்லின் அடிக்கட்டையில் போர்டு, லேபிள், பை, ஆள் சொல்லி என்று ஒரு வார்த்தை குறித்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்து அக்காவின் அடிக்கட்டைகளில் 'ஆள் சொல்லி'யும் 'லேபிள்'உம்தான் அதிகம், போர்டு மிகக் குறைவு.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. பில்களை எண்ணுங்கள், பெயரை முடிவு செய்யுங்கள், லேபிள் வாங்குங்கள். பில் புத்தகமும் கார்டும் தீரும்போது புதுப் பெயரில் அடியுங்கள், இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். போர்டு அடுத்த தை மாதம் கூட வைக்கலாம். மகள் பெயரை வைக்க ஆசை இருந்தால் ஒன்று யோசியுங்கள், அவள் கடையில் உட்காரப் போகிறாளா? இல்லையென்றால் உங்கள் பெயரையே வையுங்கள், சனங்கள் தேடி வருவது உங்களைத்தான். ஆல்டரேஷனுக்கு வரும் துணியில் மட்டும் லேபிள் வைக்காதீர்கள், அது இன்னொருவர் வெட்டியது.