முதலில் வந்ததா, முதலில் முடிவதா? கடைச் சரக்கைச் சுழற்றுவது பற்றிய கேள்வி பதில்

பதில் எழுதுபவர் 18 ஆண்டுகளாகப் பலசரக்கு அங்காடிகளில் குடோன் பொறுப்பைக் கவனித்து வருபவர்.

"இருபது வருடமாகப் பழைய சரக்கை முன்னால், புதுச் சரக்கைப் பின்னால் வைத்துத்தான் விற்கிறேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?" (கும்பகோணத்தில் மளிகைக் கடை நடத்துபவர்)

ஒரே ஏஜென்சியிடம், ஒரே வரிசையில் சரக்கு வாங்கும் வரை உங்கள் முறை குறையில்லாமல் நடக்கும். பின்னால் வந்தது முன்னால் காலாவதியாகும் நாளில்தான் அது தவறிப்போகும். மொத்த வியாபாரி தள்ளுபடி தருகிறார் என்று சரக்கெடுக்கும்போது இது அடிக்கடி நடக்கும். அந்தத் தள்ளுபடிக்கே தேதி நெருங்கியிருப்பதுதான் பல சமயம் காரணம்.

அரைக்கிலோ ரவைப் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். கடையில் ஒரு நாளைக்கு 6 பாக்கெட் போகிறது. இருப்பில் 60 பாக்கெட் உள்ளது, அதன் காலாவதி மார்ச் 30. பிப்ரவரி 25 காலையில் வேறொருவரிடமிருந்து 120 பாக்கெட் வந்து இறங்குகிறது, அதன் காலாவதி மார்ச் 20. உங்கள் வழக்கப்படி பழைய 60-ஐ முதலில் விற்றால் மார்ச் 6 வரை அதுவே ஓடும். 7ஆம் தேதி புதியதைத் தொடுவீர்கள். 20ஆம் தேதிக்குள் 84 பாக்கெட் போகும், 36 பாக்கெட் உங்கள் கையில் காலாவதியாகி நிற்கும். அதையே மாற்றி, இன்று வந்ததை இன்றே முன்னால் வைத்தால் மார்ச் 16க்குள் 120-ம் முடிந்துவிடும். பழைய 60, மார்ச் 26க்குள் தீரும். வாங்கியதும் விற்றதும் ஒன்றுதான், வைத்த இடம் மட்டுமே மாறியிருக்கிறது. ஆகையால் எது முதலில் வந்தது என்பதை விட்டுவிட்டு, எது முதலில் முடிகிறது என்பதை மட்டும் பார்த்து அடுக்குங்கள்.

"20ஆம் தேதி முடிகிற ரவையை 16ஆம் தேதி யார் ஐயா வாங்குவார்கள்? கணக்கு தாளில்தான் சரியாக வரும்." (திருச்சி, சூப்பர் மார்க்கெட் மேலாளர்)

நீங்கள் சொல்வது சரி, மேலே போட்ட கணக்கின் குறையும் அதுதான். ரவையை வாங்குபவர் அன்றே முழுவதையும் கிண்டிவிட மாட்டார். அவருக்குக் குறைந்தது ஒரு வாரமாவது இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் காலாவதிக்கு எத்தனை நாள் முன்னதாக ரேக்கிலிருந்து எடுப்பது என்று ஒரு விலக்கு நாளை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ரவைக்கு 7 நாள் என்று நான் வைத்திருக்கிறேன்; பிரெட்டுக்கு இப்படிப் பெரிய இடைவெளி விட முடியாது, எண்ணெய்க்கு இன்னும் அதிகம் விடலாம்.

விலக்கு நாளைச் சேர்த்துப் பார்த்தால், மார்ச் 20 சரக்கை 13ஆம் தேதி மாலைக்குள் விற்றாக வேண்டும். பிப்ரவரி 25 முதல் அதுவரை 17 நாள், நாளைக்கு 6 வீதம் 102 பாக்கெட். மீதம் 18 பாக்கெட்டை எப்படி அடுக்கினாலும் காப்பாற்ற முடியாது. அடுக்கும் முறையின் எல்லை இதுதான்: மிகுதியாக வாங்கியதை அது விற்றுத் தராது. அந்த 18-ஐத் தடுக்கக்கூடிய ஒரே இடம் சரக்கு இறங்கும் வாசல்.

ஆகவே பில்லில் கையெழுத்துப் போடும் முன், தேதியைப் பார்த்து, விலக்கு நாள் வரை உள்ள நாட்களைத் தினசரி விற்பனையால் பெருக்கி, அதைவிட முன்னதாகவோ அதே நாளிலோ முடியும் சரக்கு ஏற்கெனவே இருந்தால் அதைக் கழித்து, வருகிற எண்ணை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். இங்கே 102 இறக்கி, 18-ஐ அதே வண்டியில் திருப்பி அனுப்பியிருந்தால், பழைய 60 பாக்கெட்டும் மார்ச் 14 முதல் 23 வரை ஓடி அதன் விலக்கு நாளன்றே சரியாக முடிந்திருக்கும். அட்டைப்பெட்டியின் மேல் உள்ள தேதியை மட்டும் நம்பாமல், அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பெட்டியைத் திறந்து பாக்கெட்டின் தேதியையும் பார்த்துவிடுங்கள். மேல் பெட்டி புதியதாகவும் உள்பெட்டிகள் பழையதாகவும் வந்த லோடுகளை நான் பலமுறை திருப்பியிருக்கிறேன்.

"எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் பேட்ச், எக்ஸ்பைரி எல்லாம் ஏற்றியிருக்கிறோம். முதலில் முடிவதை அதுவே முதலில் கழிக்கிறது. இன்னும் கையால் பார்க்க வேண்டுமா?" (கோவை, கணக்குப் பிரிவில் இருப்பவர்)

பார்த்தே ஆக வேண்டும். பாக்கெட்டில் உள்ள வழக்கமான 13 இலக்க பார்கோடில் அது எந்தப் பொருள் என்பது மட்டுமே இருக்கிறது. தேதியும் பேட்சும் அதில் இல்லை. மார்ச் 20 பாக்கெட்டுக்கும் மார்ச் 30 பாக்கெட்டுக்கும் அதே கோடுதான். வாடிக்கையாளர் 30ஆம் தேதிப் பாக்கெட்டை எடுத்து வந்தாலும், கணினி தன் விதிப்படி 20ஆம் தேதிக் கணக்கில் ஒன்றைக் கழித்துவிடும். சில வாரம் இப்படிப் போனால், திரையில் மார்ச் 20 சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கும். கீழ்த்தட்டின் மூலையில் 11 பாக்கெட் தூசியோடு உட்கார்ந்திருக்கும். மொத்த எண்ணிக்கை சரியாகவே இருப்பதால் இருப்பைச் சரிபார்க்கும்போதும் இது பிடிபடாது. எண்ணுகிறவர் தேதியையும் படித்தால் மட்டுமே தெரியவரும்.

எங்கள் அங்காடியில் ரேக்குகளைப் பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தம் ரேக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் கண்ணில் படும் மிக முந்திய தேதியையும், அந்தத் தேதியில் எத்தனை இருக்கிறது என்பதையும் மட்டும் எழுதித் தருவார்கள். எல்லாத் தேதிகளையும் எழுதச் சொன்னபோது யாரும் ஒழுங்காக எழுதவில்லை. ஒரே பொருள் இரண்டு எம்.ஆர்.பி.யில் இருந்தால் மட்டும் நிலைமை கொஞ்சம் மேல், ஏனென்றால் எந்த விலை என்று பில் போடும்போதே கேட்கும்படி வைத்தால், பெரும்பாலும் சரியான பேட்சிலேயே கழியும்.

"நாங்கள் பழையதை முன்னால் அடுக்கினாலும் வாடிக்கையாளர்கள் கையை உள்ளே விட்டுப் பின்னால் இருப்பதைத்தான் எடுக்கிறார்கள். என்ன செய்வது அண்ணா?" (மதுரை, ரேக் அடுக்கும் பணியாளர்)

அவர்களைக் குறை சொல்ல வழியில்லை தம்பி, நம் வீட்டுக்கு வாங்கினால் நாமும் அப்படித்தான் எடுப்போம். இதற்கு நான் கண்ட நல்ல வழி, இரண்டு தேதிகளை ஒரே நேரத்தில் ரேக்கில் வைக்காமல் இருப்பது. முந்திய தேதிச் சரக்கு ரேக்கில் தீரும் தறுவாய்க்கு வரும் வரை அடுத்த தேதிப் பெட்டியைக் குடோனிலேயே வைத்திருங்கள். ரேக் நிறைந்து தெரிய வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொன்னால், உள்ள பாக்கெட்டுகளை விளிம்புக்கு இழுத்து ஒரே வரிசையாக நிறுத்துங்கள். பின்னால் வெற்றிடமாக இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

இது நடக்கக் குடோன் ஒழுங்காக இருக்க வேண்டும். பெட்டி இறங்கியவுடன் வெளியே தெரியும் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் உள்ளங்கை அளவு எழுத்தில் காலாவதியை எழுதுங்கள், மாதத்தை எண்ணால் எழுதாமல் "மார்ச் 20" என்று எழுத்தால் எழுதுங்கள். நான் முன்பு இருந்த ஓர் அங்காடியில் வெளிநாட்டுச் சாக்லேட் பெட்டியில் 04/08 என்று இருந்ததை ஆகஸ்ட் 4 என்று படித்து அடுக்கிவிட்டோம். அது ஏப்ரல் 8. மே மாதத்தில் ஒரு தாய் குழந்தையோடு வந்து கல்லாவில் வைத்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. தவறு என் மேற்பார்வையில் நடந்தது. அந்தப் பாக்கெட்டை அவர் நீட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

"நான் தேதி வரிசைப்படிதான் தயிர் விற்கிறேன். ஆனாலும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே புளித்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். வரிசையில் எங்கே தவறு?" (தஞ்சாவூர், பால் பூத்)

வரிசையில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. பாக்கெட்டில் அச்சடித்த தேதி, அதில் சொல்லியிருக்கும் குளிரில் வைத்திருந்தால்தான் செல்லும்; தயிருக்கு அது 5 டிகிரி அல்லது அதற்குக் கீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கடையைப் பூட்டும்போது மின்கட்டணத்துக்குப் பயந்து குளிர்பெட்டியை அணைக்கிறீர்களா, காற்று வரும் துவாரத்தை மறைத்து டப்பாக்களை அடுக்கியிருக்கிறீர்களா, காலையில் வந்த டிரே எவ்வளவு நேரம் நடைபாதையில் கிடக்கிறது என்று பாருங்கள். நூறு ரூபாய்த் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் வைத்து, காலை கடை திறந்தவுடன் படித்தால் விடை கிடைத்துவிடும். குளிர் தவறிய சரக்குக்கு அச்சடித்த தேதியை வைத்து வரிசை போடுவதில் பொருளில்லை.

"பச்சைப்பயறு, கொண்டைக்கடலையை மூட்டையாக வாங்கி டின்னில் கொட்டிச் சில்லறையாக விற்கிறோம். இதற்கு ஏது தேதி?" (விருதுநகர்)

மூட்டையில் தைத்த சீட்டில் இருப்பதை டின்னில் ஒட்டுங்கள், சீட்டு இல்லையென்றால் மூட்டை வந்த நாளை எழுதுங்கள். அதைவிட முக்கியம், பாதி காலியான டின்னின் மேல் புதிய மூட்டையைக் கொட்டாதிருப்பது. மேலிருந்து அள்ளி விற்பதால் அடியில் உள்ளது மாதக்கணக்கில் அசையாது. பயறு வண்டு கோடை வெப்பத்தில் முட்டையிலிருந்து வண்டாக ஏறத்தாழ ஒரு மாதமே போதும், பிறகு புதிய பயறும் சேர்ந்து ஓட்டையாகிவிடும். ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு டின் வைத்து, ஒன்றை முழுக்கக் காலி செய்து துடைத்து உலர்த்திய பிறகே நிரப்புங்கள்.

"நான் பத்து வருடம் ஏஜென்சி நடத்தியவன். தேதி முடிந்ததைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும்போது, கடைக்காரர் இவ்வளவு சிரமப்படத் தேவையில்லை. தேதி நெருங்கினால் பாதி விலைக்குப் போட்டாலும் போய்விடுமே?" (சேலம்)

எடுத்துக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு, ஆனால் பில்லில் எழுதப்பட்ட நிபந்தனை இல்லாமல் சேல்ஸ்மேனின் வாய்ச்சொல்லை நம்பிய பலர் அவர் வேலை மாறியதும் தவித்தார்கள். திரும்பப் போகும் பொருளும் வீணான பொருள்தான். அதோடு, உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் நான்காம் அட்டவணையே முதலில் காலாவதியாவதை முதலில் வெளியேற்றும் முறையைச் சொல்கிறது. காலாவதியானது விற்பனைத் தட்டில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். திருப்பி அனுப்ப வேண்டியவற்றைத் தனி அலமாரியில் "விற்பனைக்கல்ல" என்று எழுதி வையுங்கள்.

விலைக் குறைப்பைப் பற்றி எனக்கே உறுதியான முடிவு இல்லை. விலக்கு நாளுக்கு ஒரு வாரம் முன் சிறிய குறைப்பில் தொடங்கினால் பாதி விலை வரை போக வேண்டியதில்லை என்பது என் அனுபவம். ஆனால் எங்கள் இன்னொரு கிளையில் அந்தக் கூடை எந்தக் கிழமை நிரம்பும் என்று தெரிந்துகொண்டு, வழக்கமாக முழு விலைக்கு வாங்குபவர்களே காத்திருக்கத் தொடங்கினார்கள். அங்கே கூடையை நிறுத்திவிட்டார்கள், இங்கே இன்னும் வைத்திருக்கிறோம். நீங்கள் ஏஜென்சி நடத்தியபோது கடைகளில் எது நிலைத்தது என்பதை எழுதினால் எனக்கும் உதவியாக இருக்கும்.