கடைசியாக வருபவனுக்கு என்ன தெரிகிறது?

"வாற மாசம் நாங்கள் பத்துப் பேர் பைக்கில் திருகோணமலையில இருந்து மட்டக்களப்புக்குப் போகப் போறம். எப்படி வரிசையாப் போகணும், எவ்வளவு இடைவெளி விடணும், கை சிக்னல் என்னென்ன, சட்டம் என்ன சொல்லுது?"

மூன்று வருடத்துக்கு முன், பங்குனி மாதம், இதே ரோட்டில் 9 பைக்குகளை முன்னால் நின்று கூட்டிக்கொண்டு போனவன் நான். மூதூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில், கடைசியாக வந்த என் மாமாவின் மகன் விழுந்து காறை எலும்பு முறிந்தது. அவன் வேகமாக வந்தான், அதனால் விழுந்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனை வேகமாக வரவைத்தது நான்தான் என்பது எனக்குப் புரியச் சில மாதம் எடுத்தது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் எழுத உட்கார்ந்தேன். நான் பயிற்சி ஆசிரியர் இல்லை. "இருபது வருசமா ஓடுறம், எங்களுக்கு ஒன்றும் நடக்கல்ல" என்று சொல்லும் அண்ணன்மாரோடு வாதாடவும் வரவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்களும் எங்களைப் போலத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாலைந்து பேர் நன்றாக ஓடுவார்கள், மூன்று பேர் பரவாயில்லை, ஒருவன் புதிது. அந்தப் புதியவனைக் கடைசியில் விடுவதுதான் எல்லாரும் செய்வது, "நீ மெதுவா வாடா தம்பி, பிரச்சினை இல்லை" என்று. நாங்களும் அதைத்தான் செய்தோம்.

வரிசை முறை எங்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் சோடியாகப் போகக் கூடாது, பள்ளம் வந்தால் விலக இடம் இருக்காது. ஒன்றுவிட்டொன்றாகத்தான் போக வேண்டும். நாம் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், அதனால் முதல் பைக் நம் பாதி ரோட்டின் வலப்பக்கம், நடுக்கோட்டுப் பக்கமாக நிற்கும். அங்கிருந்துதான் எதிரே வருவது தெரியும். இரண்டாவது இடப்பக்கம், மூன்றாவது மறுபடி வலப்பக்கம். முன்னால் மாறி நிற்பவருக்கும் உங்களுக்கும் ஒரு செக்கன், நேர் முன்னால் உங்கள் கோட்டிலேயே போகிறவருக்கும் உங்களுக்கும் இரண்டு செக்கன். வளைவிலும், ரோடு ஒடுங்கும் இடத்திலும், ரோடு பழுதான இடத்திலும் இதைக் கைவிட்டு ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும். அப்போது எல்லாருக்கும் இடையில் இரண்டு செக்கன்.

இடைவெளியை மீட்டரில் பார்க்காமல் செக்கனில் எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் தவறவிட்டது அந்தக் காரணத்தைத்தான்.

9 பைக், ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்கன் என்றால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் 8 செக்கன். மூதூர் ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது அந்த 8 செக்கன் ஏறக்குறைய 110 மீட்டர். ஊர் முடிந்து 70க்கு ஏறினால் அதே 8 செக்கன் 155 மீட்டராகிவிடும். ஒருவரும் பிந்தவில்லை, எல்லாரும் அதே இடத்தில்தான் வேகம் கூட்டினார்கள். ஆனால் கடைசியில் இருப்பவன் கண்ணுக்கு என்ன தெரியும்? முன்னால் போன கூட்டம் 45 மீட்டர் விலகி ஓடுவது தெரியும். தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைப்பான், முறுக்குவான். அவனுக்கு முன்னால் இருப்பவனும் கொஞ்சம் முறுக்கியிருப்பான். முதல் ஆள் 70இல் சுகமாகப் போக, கடைசி ஆள் 90இல் துரத்திக்கொண்டிருப்பான். முன்னால் ஒரு மாடு வந்து நான் 50க்குக் குறைத்தால், பின்னால் அவன் பிரேக்கை அழுத்தி அமுக்க வேண்டியிருக்கும். ரப்பர் பட்டியை இழுத்து விடுவது போல, ஆட்டமெல்லாம் நுனியில்தான்.

அன்று நான் ஊர் முடிந்தவுடன் சட்டென்று 70க்குப் போனேன். நேர் ரோடு, காலை நேரம், வெயில் ஏறவில்லை. பின்னால் கண்ணாடியில் பார்த்தால் நாலு பைக் தெரிந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு வளைவு தாண்டியதும் ரோட்டின் இடப்பக்கம் நெல் காயப் போட்டிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பாதிக்குப் பாதி ரோட்டில் நெல், ஓரத்துக்குக் கல்லும் மரக்கொப்பும் வைத்திருப்பார்கள். ஒன்றுவிட்டொன்றாகப் போகும்போது இடப்பக்கக் கோட்டில் வருகிறவர்களெல்லாம் நேராக அதற்குள்தான் போவார்கள். நான் இடக்கையை நீட்டி நெல்லைக் காட்டினேன். எனக்குப் பின்னால் வந்தவர் அதைக் கண்டு ஒதுங்கினார், அவருக்குப் பின்னால் வந்தவரும் ஒதுங்கினார். ஆனால் ஒருவரும் கையைக் காட்டவில்லை. தாங்கள் கண்டுவிட்டார்கள், அது போதும் என்று நினைத்தார்கள். மாமாவின் மகன் வளைவுக்குள் வரும்போது அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு கையும் இல்லை. வளைவில் இடப்பக்கம் ஒதுங்கி வந்தான், நெல்லைக் கண்டான், முன் பிரேக்கைப் பிடித்தான். நெல்மணி ரயருக்குக் கீழே உருளும். பிடிப்பே கிடைக்காது. முன் சில்லு பூட்டுப்பட்டு வழுக்கி, ஒரு கணத்தில் தோள் நிலத்தில்.

இதில் மூன்று பிழை இருக்கிறது, மூன்றும் அவனுடையதல்ல. வளைவுக்கு முன்பே நான் ஒற்றை வரிசைக்குக் கை காட்டியிருக்க வேண்டும். ஊர் முடிந்ததும் கடைசி ஆளும் வெளியே வரும்வரை 55இல் பொறுத்திருக்க வேண்டும். நான் காட்டிய கையை ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. விழுந்த இடத்தில் வந்து நின்றவர்களும், பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தவர்களும் திட்டியதெல்லாம் நெல் காயப் போட்டவரைத்தான். என் அப்பா தம்பலகாமத்தில் வயல் செய்தவர், நானும் சின்ன வயதில் ரோட்டில் நெல் துழாவியவன். ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேலே இருந்தால் அரசாங்கக் கொள்வனவில் நெல்லுக்கு முழு விலை கிடைக்காது. மெஷினில் வெட்டிய நெல் ஒரே நாளில் மலையாய்க் குவிந்துவிடும். காயப் போடச் சீமெந்துக் களம் எத்தனை ஊரில் இருக்கிறது? ஈரத்தோடு விற்றால் வாங்குகிறவன் சொன்னதுதான் விலை. ரோட்டில் நெல் போடுவது ஆபத்துத்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிழவன் எங்களிடம் வந்து "மகன், நான் கொப்பு வச்சிருந்தனே" என்று நடுங்கிய குரலில் சொன்னதை நான் மறக்க மாட்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது நாங்கள் போகும் முறை இது. 10 பேர் என்றால் 5, 5 ஆகப் பிரிந்து, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் போகிறோம். 10 பைக் ஒரே வரிசையில் 60இல் போனால் 150 மீட்டர் நீளம் வரும். 80இல் வரும் பஸ் அதை முந்தி முடிக்க அரை நிமிடம் எடுக்கும், அதற்குள் அது அரைக் கிலோமீட்டருக்கு மேல் எதிர்ப்பக்கத்தில் ஓடியிருக்கும். எதிரே வாகனம் வந்தால் பஸ் எங்கே ஒதுங்கும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வரிசைக்குள்தான்.

புதியவன் இரண்டாவது ஆள். முதல் ஆள் தன் கண்ணாடியில் அவனைப் பார்த்து, அவனுடைய வேகத்துக்கு ஓடுவார். கடைசியில் இருப்பவர்தான் கூட்டத்தில் நிதானமான, நன்றாக ஓடத் தெரிந்த ஆள். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு லைட்டைக் கவனித்தால் போதும். அது கண்ணாடியில் இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவரும் உங்களைக் காணாமல் குறைப்பார், அப்படியே அது முதல் ஆள்வரை போய்விடும். திரும்ப வேண்டிய சந்தியில் கடைசி ஆள் வரும்வரை ஒருவர் நிற்பார். அதனால் வழி தவறும் என்ற பயத்தில் ஒருவரும் துரத்த வேண்டியதில்லை.

கை சிக்னல் நிறைய இருக்கிறது, நாங்கள் பாவிப்பது ஐந்துதான். கையால் காட்டுவதெல்லாம் இடக்கையால், வலக்கை முறுக்கியையும் முன் பிரேக்கையும் விடக் கூடாது. ஒரு விரலை மேலே தூக்கினால் ஒற்றை வரிசை. இரண்டு விரல் என்றால் மறுபடி ஒன்றுவிட்டொன்று. உள்ளங்கை கீழே பார்க்கக் கையை நீட்டி மெல்ல இறக்கினால் வேகத்தைக் குறை. பள்ளமோ மண்ணோ நெல்லோ இடப்பக்கம் இருந்தால் கையால் காட்டுவது, வலப்பக்கம் இருந்தால் வலக்காலைக் கொஞ்சம் வெளியே நீட்டுவது. பெற்றோல் முடிகிறது என்றால் டேங்கைச் சுட்டிக் காட்டுவது. இதெல்லாம் நமக்குள் பேசிக்கொள்வது. பின்னால் வரும் லொறிக்காரருக்கு உங்கள் விரல் புரியாது, அவருக்குச் சிக்னல் லைட்டும் பிரேக் லைட்டும் வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் கை காட்டப் போகாதீர்கள், முதலில் பைக்கைப் பாருங்கள்.

முந்தும்போது "வா வா" என்று பின்னால் கை காட்டுகிற பழக்கம் எங்களிடமும் இருந்தது, விட்டுவிட்டோம். முன்னால் போனவர் கண்டது அவருடைய ரோட்டை. உங்கள் முறை வரும்போது அங்கே ஒரு ஆட்டோ வந்திருக்கலாம். ஒவ்வொருவராக, தன் கண்ணால் பார்த்து முந்த வேண்டும். முந்திய ஆள் உடனே வேகத்தைக் குறைத்தால் அடுத்தவர் உள்ளே வர இடமிருக்காது, கொஞ்சத் தூரம் அதே வேகத்தில் போய் இடம் விட வேண்டும்.

சட்டம் என்று கேட்டீர்கள். கூட்டமாகப் போகிறோம் என்பதால் யாருக்கும் சலுகை கிடையாது. 10 பைக் என்றால் 10 ஓட்டுநர், அவரவர் லைசென்ஸ், காப்புறுதி, வரிப்பத்திரம் அவரவர் கையில். ஊருக்குள் 50, வெளியே 70. ஓடுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட், பட்டி பூட்டி. நடுவில் தொடர் கோடு என்றால் தாண்டக் கூடாது, முன்னால் ஒன்பது பேர் தாண்டியிருந்தாலும்தான். அன்று எங்களிடம் வந்த பொலிஸ்காரர் கேட்டதும் அவன் என்ன வேகத்தில் வந்தான் என்பதை மட்டுமே. முன்னால் போனவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போவதற்கு முன் ஒரு ஞாயிறு விடிய உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை ஒருமுறை ஓடிப் பாருங்கள். முன்னால் போகும் பைக் ஒரு லைட் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணத் தொடங்குங்கள், கம்பத்துக்கு நீங்கள் வந்து சேரும்போது எவ்வளவு என்று பாருங்கள். முதல் ஆள் வழியில் ஐந்து சிக்னலையும் ஏதாவது ஓர் ஒழுங்கில் காட்டட்டும். நிலாவெளியில் இறங்கி நின்றதும் கடைசியாக வந்தவரிடம் எத்தனை வந்து சேர்ந்தது, எந்த ஒழுங்கில் வந்தது என்று கேளுங்கள். எங்கள் முதல் முயற்சியில் இரண்டுதான் போய்ச் சேர்ந்தது.