கார்டு பில் தேதி, கட்டும் தேதி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோடு ஆசிரியை: 50 நாள் வட்டி இல்லன்னு சொல்லித்தான் கார்டு குடுத்தாங்க. 20 நாள்லயே கட்டச் சொல்றாங்களே அக்கா, ஏமாத்துறாங்களா?

இல்லை டீச்சர். 50 நாள் எல்லா செலவுக்கும் கிடைக்காது. உங்கள் பில் மாதா மாதம் 15ஆம் தேதி போடப்படுகிறது, கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 16 அன்று வாங்கிய பொருள் ஜூன் 15 பில்லில் வரும், ஜூலை 5-க்குள் கட்டினால் போதும். அதற்கு 50 நாள். ஜூன் 15 அன்றே வாங்கினால் அதுவும் அதே பில்லில் ஏறிவிடும், 20 நாள்தான். ஒரே நாள் தள்ளி 16ஆம் தேதி வாங்கியிருந்தால் ஜூலை 15 பில்லுக்குப் போயிருக்கும். பெரிய பொருள் வாங்கும்போது பில் போட்ட மறுநாள் வாங்குங்கள். கடைசி நாளில் வாங்கியது கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகலாம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பெருங்குடி: சம்பளம் 7ஆம் தேதி, டியூ 5ஆம் தேதி. மாத்த முடியுமா?

முடியும். குறைந்தது ஒரு முறையாவது பில் சுழற்சியை மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஆப்பில் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்யுங்கள்.

மதுரை: மே 20ல 30,000-க்கு ஃப்ரிட்ஜ் எடுத்தேன். ஜூலை 5ல 28,000 கட்டிட்டேன், 2,000தான் பாக்கி. ஜூலை 15 பில்லுல வட்டி மட்டும் 1,611, ஜிஎஸ்டி தனி. இது நியாயமா?

உங்கள் கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடம் 42. முழுத் தொகையும் கட்டினால்தான் வட்டியில்லா நாட்கள் உண்டு. கொஞ்சம் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும். வாங்கிய நாளிலிருந்து ஜூலை 5 வரை 46 நாளைக்கு 30,000-க்கும் வட்டி போட்டிருக்கிறார்கள், அது 1,588. பிறகு 10 நாளைக்கு 2,000-க்கு 23. மொத்தம் 1,611. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 290. பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்: மேடம், இது தவறு. நிலுவைத் தொகைக்கு மட்டும்தான் வட்டி என்று 2024 மார்ச்சில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2,000-க்கு 56 நாள் போட்டால் 129 ரூபாய்தான்.

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். கட்டியதைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வட்டி என்பதே விதி. ஆனால் ஜூலை 5 வரை 30,000-மே நிலுவையில்தானே இருந்தது என்பது வங்கியின் வாதம்.

தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்: கடைசித் தேதிக்குள் கட்டியதற்கு எப்படி வட்டி கேட்கலாம்? அப்படியானால் விதியை ஏன் திருத்த வேண்டும்?

எனக்கும் உங்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் 1,611 சரியா, 129 சரியா என்று நான் தீர்ப்பு சொல்ல முடியாது. மதுரைக்காரரே, கார்டுடன் வந்த விதிமுறைத் தாளில் வட்டிக்கு ஒரு மாதிரிக் கணக்கு இருக்கும். அதனுடன் உங்கள் பில்லை ஒப்பிட்டு, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

திருநெல்வேலி: மினிமம் டியூ கட்டினா வட்டி வராதுல்ல?

வரும். லேட் ஃபீ மட்டும்தான் வராது.

ஆவடி: டியூ தேதிக்கு அப்புறம் 3 நாள் சலுகை இருக்காம். நான் எப்பவும் 8ஆம் தேதிதான் கட்டுறேன்.

பாதிதான் சரி. 3 நாளைத் தாண்டினால்தான் லேட் ஃபீ போடலாம், தவணை தவறியவர் என்று எழுதலாம். வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் பழைய பில்களை எடுத்து வட்டி வரியைப் பாருங்கள்.

தஞ்சாவூர்: ஏடிஎம்ல கார்டு போட்டு 10,000 எடுத்தேன். 50 நாள் இருக்குல்ல அக்கா?

ஒரு நாள்கூட இல்லை தம்பி. எடுத்த நாளிலிருந்தே வட்டி, எடுத்ததற்குத் தனிக் கட்டணம். பில் வரக் காத்திருக்காமல் இன்றே கட்டுங்கள்.

கரூர்: மினிமம் மட்டும் கட்டிட்டு வர்றேன், பிரச்சனை இல்லையே?

இரண்டாவது முறையாக இதே கேள்வி. மேலே மதுரைக்காரர் கணக்கைப் படியுங்கள். அவர் 28,000 கட்டியே அந்த வட்டி வந்தது.

சேலம்: வீட்டுக் கடன் வட்டி எப்போ குறையும்?

அது என் துறை இல்லை. கடன் வாங்கிய கிளையில் கேளுங்கள்.

மதுரை: புகார் குடுத்துட்டேன் மேடம். ஜூலை 25ல பில் முழுசும் கட்டிடுறேன். அதோட முடிஞ்சிடுமா?

பில் போட்ட 15ஆம் தேதியிலிருந்து நீங்கள் கட்டும் 25 வரையிலான வட்டி ஆகஸ்ட் பில்லில் சின்னத் தொகையாக வரும். அதையும் விடாமல் கட்டுங்கள். அதுவரை அந்தக் கார்டில் எதுவும் வாங்காதீர்கள்.